கோடு எங்கே விழ வேண்டும்?

பழைய பள்ளிக்கூடங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சுவரின் கீழ்ப்பகுதி ஒரு நிறத்திலும் மேற்பகுதி வேறு நிறத்திலும் இருப்பதைப் பார்த்திருப்போம். கை படுகிற, நாற்காலி உரசுகிற, எண்ணெய்த் தலை சாய்கிற உயரம் வரை துடைக்கக்கூடிய எண்ணெய் பெயின்ட். அதற்கு மேல் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பட்டை. டேடோ கோடு என்பது அதுதான். சிக்கனத்துக்காக வந்த இந்த ஏற்பாடு, அலமாரியோ அலங்கார வேலையோ இல்லாத மொட்டை அறைக்கு நல்ல முகத்தைக் கொடுக்கிறது. எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால், கோடு எந்த உயரத்தில் ஓடும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

சுவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிபாதியில் போட்டால் அறை இரண்டு துண்டாகத் தெரியும் என்பதால் அது நல்ல தொடக்கம்தான். ஆனால் சுவரில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பார்க்காமல் அந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது.

12 அடிக்கு 10 அடி படுக்கையறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 3 அடி 4 அங்குலம். அறையின் ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடியில் இருக்கிறது. கணக்குப்படி கோடு போட்டால், ஜன்னலின் அடியை விட்டு நாலு அங்குலம் மேலே போய் அதன் பக்கவாட்டில் முட்டி நிற்கும். ஏதோ தவறிப் போனது போலத் தெரியும். கோட்டை 3 அடிக்கு இறக்கினால் ஜன்னலின் அடிவிளிம்பே கோட்டின் தொடர்ச்சியாகிவிடும். ஸ்விட்ச் போர்டு 4 அடியில் தொடங்குவதால் அதையும் வெட்டாது. கட்டிலின் தலைப்பலகை எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். அது கோட்டைவிட ஓரிரு அங்குலம் மட்டும் ஏறியோ இறங்கியோ நின்றால் கண்ணை உறுத்தும்.

உயரம் முடிவானதும், தரையிலிருந்து டேப் வைத்து நாலு மூலையிலும் 3 அடி குறித்துவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நம் வீட்டுத் தரைகளில் வாட்டம் இருக்கும். ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வந்தாலும் சாய்வு தெரியும். ஜன்னலின் அடிவிளிம்பில் ஒரு குறி போட்டு, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் அதே மட்டத்தை மற்ற மூலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு நூலை இழுத்துப் பிடித்து, பென்சிலால் மெல்லிய கோடு. நூலில் நீலப் பொடி தடவி அடித்தால், வெளிர் நிறத்தில் அந்த நீலம் கசிந்து தெரியக்கூடும்.

கோடு போடுவதற்கு முன்பே மேல் நிறத்தை, கோடு வரப்போகும் இடத்தைத் தாண்டி சில அங்குலம் கீழே வரை அடித்துவிட வேண்டும். குறைந்தது ஒரு நாள் காயட்டும். பிறகு கோட்டுக்கு மேற்புறமாக மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்துங்கள். உடனே கீழ் நிறத்தை அடித்தால் அது டேப்புக்கு அடியில் புகுந்து விளிம்பு ரம்பப் பல் போல ஆகிவிடும். இதைத் தடுக்க, டேப் விளிம்பின் மேல் முதலில் அதே மேல் நிறத்தை மெல்லியதாக ஒருமுறை அடிக்க வேண்டும். கசிவதாக இருந்தால் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அது காய்ந்தபின் கீழ் நிறம் இரண்டு கோட்டு. இரண்டாவது கோட்டு முழுதும் காயுமுன் டேப்பைச் சாய்வாகப் பின்னோக்கி உரியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உரித்தால் பெயின்ட் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

கதவு அகலம் போக, கீழ்ப்பகுதி ஏறத்தாழ 123 சதுர அடி. நன்றாக புட்டி போட்ட சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் ஏறக்குறைய போதும். லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய ரகமாக வாங்குங்கள். மேலே பளபளப்பில்லாத வெளிர் நிறம் நல்லது.

சுவரில் ஓதம் இருந்தால் மட்டும் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் தங்குவது சரியாக இந்தக் கீழ்ப்பகுதியில்தான். பள்ளிக்கூடச் சுவர் போல எண்ணெய் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளம்பும். ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் முத்துக் கட்டியிருந்தால், முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

மீந்த கீழ் நிறத்தை டப்பாவில் இறுக மூடி, ஷேட் எண்ணை எழுதி வையுங்கள். கட்டிலை நகர்த்தும்போது முதலில் கீறல் விழுவது அந்தப் பகுதியில்தான்.