ரீஃபண்ட் யார் கையில் நிற்கிறது?

‘ஏர்லைன் இன்னும் அனுப்பவில்லை’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். ‘ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம்’ என்கிறது விமான நிறுவனம். நடுவில் மதுரை இல்லத்தரசி ஒருவர், மகள் வீட்டுக்கு டெல்லி போக எடுத்த இரண்டு டிக்கெட்டுகளின் பணத்துக்காகக் காத்திருந்தார். விமானத்தை ரத்து செய்தது நிறுவனமே. ஆகவே முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும்.

போனில் கேட்டுச் சலித்தவர், கடைசியில் ஏஜென்டுக்குக் கடிதம் எழுதினார்.

“வணக்கம் சார். உங்களிடம் நான் கட்டியது 13,300 ரூபாய். அதில் டிக்கெட் 12,600, உங்கள் சர்வீஸ் சார்ஜ் 700. டிக்கெட் பணம் உங்கள் ஏஜென்சி கணக்குக்கு வந்துவிட்டதாக ஏர்லைன் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன். வந்திருந்தால் எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால், நீங்கள் யார் மூலமாக டிக்கெட் போட்டீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள்.”

கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பல ஏஜென்டுகள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, அந்த வாலட்டிலிருந்து டிக்கெட் எடுக்கிறார்கள். ரத்தானதும் பணம் அதே வாலட்டுக்குத்தான் திரும்பும். பயணியின் வங்கிக் கணக்குக்கு நேராக வராது. சிறிய ஏஜென்ட் என்றால், தனக்கு மேலே உள்ள பெரிய ஏஜென்சியின் தளத்தில் டிக்கெட் போட்டிருப்பார். அப்போது பணம் அந்தப் பெரிய ஏஜென்சியின் வாலட்டில் நிற்கும். நிறுவனம் ‘கொடுத்தாயிற்று’ என்பதும், ஏஜென்ட் ‘வரவில்லை’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

அதனால் விமான நிறுவனத்திடம் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து மூன்று விவரங்களை மின்னஞ்சலில் கேட்க வேண்டும்: எவ்வளவு தொகை, எந்தத் தேதி, எந்த ஏஜென்சியின் கணக்கு. மூன்றாவதற்குப் பதில் வந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி பயணிக்குத் துணை நிற்கிறது. ஏஜென்டுகள் விமான நிறுவனங்களின் பிரதிநிதிகள் என்பதால், அவர்கள் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்கிறது அது. ‘ஏஜென்டிடம் கேளுங்கள்’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது. ஏஜென்டுக்கும் கடமை உண்டு. கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகள் பற்றிய வழக்கில், நிறுவனத்திடமிருந்து வந்த பணத்தை ஏஜென்ட் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சர்வீஸ் சார்ஜ் 700 வேறு கணக்கு. அது விமான நிறுவனத்துக்குப் போன பணம் அல்ல. திரும்பக் கிடைக்குமா என்பது ஏஜென்டின் ரசீதில் உள்ள நிபந்தனையைப் பொறுத்தது. அந்த அம்மாள் கடிதத்தில் இரண்டையும் பிரித்து எழுதியது நல்லதாயிற்று. மொத்தமாக 13,300 கேட்டிருந்தால், 700 ரூபாய் தகராறில் 12,600-ம் மாட்டிக்கொண்டிருக்கும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏஜென்ட், விமான நிறுவனம் இருவர் மீதும் புகார் பதியலாம். அதற்கும் தீர்வில்லை என்றால், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஏஜென்டுக்கு எழுதிய கடிதத்தின் நகலும் விமான நிறுவனத்தின் மின்னஞ்சலும் அங்கே ஆதாரமாகும்.