பதில் வரவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

ரூட்டரில் பச்சை விளக்குகள் எரிகின்றன. பக்கத்து மேசைக் கணினியில் இணையம் தடையில்லாமல் ஓடுகிறது. காலையில் புதிதாகக் கேபிள் செருகிய லேப்டாப்பில் மட்டும் ஒன்றும் வரவில்லை. இணைய சேவை நிறுவனத்தை அழைத்தால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க லேப்டாப்பைப் பாருங்க" என்கிறார்கள். சிறிய அலுவலகங்களில் இந்த வாக்குவாதம் அடிக்கடி நடக்கிறது. இதைத் தீர்க்கச் சில நிமிடங்களில் எடுத்த ஒரு பாக்கெட் பதிவு போதும். ஆனால் அந்தப் பதிவில் தேட வேண்டியது, வராமல் போன ஒன்றை.

முதல் துப்பு அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது. அதன் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும். முகவரி கேட்டும் யாரும் தராதபோது, கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும் முகவரி இது. இதற்கான விதிகளை 2005-இல் வெளியான RFC 3927 என்ற ஆவணம் வகுத்தது. எனவே "முகவரி கிடைக்கவில்லை" என்பது உறுதி. கணினி கேட்கவே இல்லையா, கேட்டது ரூட்டர் வரை போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் ரூட்டர் பதில் சொல்லவில்லையா என்பதுதான் இனித் தெரிய வேண்டும்.

முகவரி கேட்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1997-இல் வந்த RFC 2131 அதன் இலக்கணம். கணினி முதலில் 'டிஸ்கவர்' என்ற செய்தியை அனுப்பி, "இங்கே முகவரி தருபவர் யாராவது உண்டா?" என்று கேட்கிறது. ரூட்டர் 'ஆஃபர்' அனுப்பி ஒரு முகவரியை முன்வைக்கிறது. கணினி 'ரிக்வெஸ்ட்' அனுப்பி அதை ஏற்கிறது. ரூட்டர் 'ஆக்' அனுப்பி உறுதி செய்கிறது. கேட்கும் நேரத்தில் கணினிக்குச் சொந்த முகவரி இல்லை. அதனால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் எல்லோருக்கும் என்ற பொருளில் 255.255.255.255 என்றும் எழுதி அனுப்புகிறது.

பலர் சறுக்குவது இங்கேதான். வயர்ஷார்க்கைத் திறந்து, ரூட்டரின் முகவரியான 192.168.1.1-ஐ ஃபில்டரில் போட்டுவிட்டு, "ஒன்றுமே வரவில்லையே" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். டிஸ்கவர் செய்தியின் தலைப்பில் ரூட்டரின் முகவரியே இருக்காது. அந்த ஃபில்டர் கேள்வியையே மறைத்துவிடும். எந்த ஃபில்டரும் இல்லாமல் பதிவைத் தொடங்கி, பார்க்கும்போது மட்டும் `dhcp || arp` என்று வடிகட்டுவது பாதுகாப்பு. பழைய வயர்ஷார்க் பதிப்புகளில் `dhcp`-க்குப் பதில் `bootp` என்று தர வேண்டும்.

பதிவைத் தொடங்கிய பிறகே கேபிளைச் செருக வேண்டும். கேபிள் ஏற்கெனவே செருகியிருந்தால், விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இவற்றைத் தரலாம்:

```
ipconfig /release
ipconfig /renew
```

நமது லேப்டாப்பில் எடுத்த பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் இருப்பவை விநாடிகள்.

```
 0.0  0.0.0.0  255.255.255.255  DHCP Discover  0x3d1d5a7e
 4.3  0.0.0.0  255.255.255.255  DHCP Discover  0x3d1d5a7e
12.1  0.0.0.0  255.255.255.255  DHCP Discover  0x3d1d5a7e
28.6  0.0.0.0  255.255.255.255  DHCP Discover  0x3d1d5a7e
60.9  0.0.0.0  255.255.255.255  DHCP Discover  0x3d1d5a7e
```

ஐந்து வரிகளும் ஒன்றுபோல் தெரிந்தாலும், நேரத்தைப் பாருங்கள். முதல் இடைவெளி நான்கு விநாடியை ஒட்டி, அடுத்தது எட்டு, பிறகு பதினாறு, முப்பத்திரண்டு. பதில் வராதபோது காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கச் சொல்லும் RFC 2131, அதில் ஒரு விநாடி முன்பின்னாக மாறலாம் என்றும் சொல்கிறது. எல்லாக் கணினிகளும் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் இடைவெளி நீண்டுகொண்டே போவது, கேட்டவர் பதிலுக்காகக் காத்திருந்து மறுபடி மறுபடி கேட்டார் என்பதன் தடயம்.

வரியின் கடைசியில் இருப்பது இந்தக் கேள்வியின் அடையாள எண். பதில் வந்திருந்தால் அதிலும் இதே எண் இருந்தாக வேண்டும். அலுவலகத்தில் இன்னொரு கணினிக்குப் போன ஆஃபரைப் பார்த்துவிட்டு "பதில் வந்திருக்கிறதே" என்று ஏமாறாமல் இருக்க, `dhcp.id == 0x3d1d5a7e` என்று வடிகட்டினால் நம் உரையாடல் மட்டும் நிற்கும். அதில் டிஸ்கவர் தவிர வேறெதுவும் இல்லையென்றால், இந்தக் கணினிக்கு ஆஃபர் வந்து சேரவில்லை.

லேப்டாப்பின் பாதுகாப்புச் சுவர் பதிலைத் தடுத்திருக்கலாமே என்று சேவை நிறுவனத்தார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு செய்யும் மென்பொருள், உள்ளே வரும் பாக்கெட்டுகளைப் பாதுகாப்புச் சுவர் கைவைப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறது. ஆஃபர் வந்து, சுவர் அதைத் தடுத்திருந்தால், பதிவில் ஆஃபர் தெரியும். முகவரி மட்டும் அமைந்திருக்காது. அப்படி இருந்தால் குற்றம் லேப்டாப்புடையது, ரூட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

வெளியே போகும் பாக்கெட்டுக்கு இந்த உறுதி கிடையாது. இதைத் தெரிந்தவர்கள் குறைவு, ஆனால் வழக்கே இதில்தான் நிற்கிறது. பதிவு மென்பொருள் டிஸ்கவரைப் பார்ப்பது, அது பிணைய அட்டையிடம் ஒப்படைக்கப்படும் கட்டத்தில். அதன் பிறகு அது கம்பியில் ஏறியதா என்று பதிவுக்குத் தெரியாது. அட்டை பழுதாகவோ கேபிளின் ஒரு ஜோடிக் கம்பி அறுந்தோ இருந்தாலும், பதிவில் டிஸ்கவர் அழகாக நிற்கும். ஆக, மேலே உள்ள ஐந்து வரிகள் "கேட்க முயன்றோம், பதில் வரவில்லை" என்பதை மட்டுமே நிரூபிக்கின்றன. ரூட்டர் மீது குற்றம் சாட்ட இது போதாது.

போதுமானதாக ஆக்குவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பதிவை நிறுத்தாமலே, லேப்டாப்புக்குக் கையால் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். பக்கத்து மேசைக் கணினியில் பார்த்தால் ரூட்டரின் முகவரி தெரிந்துவிடும். அது 192.168.1.1 என்றால், யாரும் பயன்படுத்தாத 192.168.1.50 போன்ற ஒன்றை, 255.255.255.0 என்ற மாஸ்க்குடன் அமைத்துவிட்டு, `ping 192.168.1.1` என்று தர வேண்டும். பிங் செல்வதற்கு முன் லேப்டாப் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த ஐபி முகவரிக்குரிய சாதனத்தின் வன்பொருள் முகவரி என்ன? அதைக் கேட்கும் முறை ஏஆர்பி. பதிவில் இப்படித் தெரியும்:

```
95.400  Who has 192.168.1.1? Tell 192.168.1.50
95.401  192.168.1.1 is at 02:00:00:aa:bb:01
```

இந்த இரண்டு வரிகளில் வழக்கு திசை மாறுகிறது. ஏஆர்பி கேள்வியும் டிஸ்கவரைப் போலவே எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படுவது. அதே அட்டை, அதே கேபிள், அதே ரூட்டர். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் கழித்தும் பதில் இல்லை. இன்னொன்றுக்கு ஒரு மில்லி விநாடியில் பதில் வந்துவிட்டது. லேப்டாப்பிலிருந்து போகும் வழியும், ரூட்டரிலிருந்து வரும் வழியும் திறந்திருக்கின்றன என்று ரூட்டரே சாட்சி சொல்லிவிட்டது. ஊமையாக இருப்பது, அதற்குள் முகவரி வழங்கும் சேவை மட்டும்தான். மாறாக, ஏஆர்பி கேள்விக்கும் பதில் இல்லையென்றால் சந்தேகம் கேபிள், போர்ட், அட்டை பக்கம் திரும்ப வேண்டும்.

தீர்ப்பு எழுதுவதற்கு முன், இடையில் இருக்கும் சுவிட்சையும் விசாரிக்க வேண்டும். பெரிய அலுவலகங்களின் சுவிட்சுகளில், நம்பகமற்ற போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களை மட்டும் தடுக்கும் வசதி உண்டு. அது ஏஆர்பியை விட்டுவிட்டு ஆஃபரை மட்டும் விழுங்கிவிடலாம். இன்னொன்று, கேபிள் செருகியதும் சில சுவிட்சுகள் சுற்றுப்பாதை எதுவும் உருவாகிறதா என்று சோதிப்பதற்காக அந்தப் போர்ட்டை முப்பது விநாடி வரை மூடி வைத்திருக்கும். மேலே உள்ள முதல் நான்கு டிஸ்கவர்களும் அந்த முப்பது விநாடிக்குள் அடங்கிவிடுகின்றன! இருபது விநாடியில் பதிவை நிறுத்தியிருந்தால் ரூட்டர் மீது பொய் வழக்குப் போட்டிருப்போம். 60.9-ஆவது விநாடியில் போன ஐந்தாவது டிஸ்கவர்தான் நம்பத்தக்க சான்று. இரண்டு சந்தேகங்களையும் ஒரே அடியில் தீர்க்க, சுவிட்சை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை ரூட்டரின் லேன் போர்ட்டிலேயே நேராகச் செருகி, குறைந்தது இரண்டு நிமிடம் மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் பக்கத்து மேசைக் கணினி எப்படி ஓடுகிறது? முகவரி, நூலகப் புத்தகம் போலத் தவணைக்குத் தரப்படுவது. தவணை 24 மணி நேரம் என்றால், பாதி நாள் கழிந்ததும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கத் தொடங்கும். பதில் வராவிட்டாலும் தவணை முடியும்வரை பழைய முகவரியில் தொடரும். காலையில் ரூட்டரின் முகவரிச் சேவை படுத்துவிட்டால், புதிதாக வந்தவர் உடனே மாட்டிக்கொள்கிறார். மற்றவர்கள் தத்தம் தவணை முடிய முடிய ஒவ்வொருவராக விழுவார்கள். ஒரு லேப்டாப் மட்டும் பழுது என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ரூட்டர் ஏன் பேசவில்லை என்பதை லேப்டாப்பில் எடுத்த பதிவு சொல்லாது. சேவை நின்றிருக்கலாம். குறிப்பிட்ட சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் போடப்பட்டிருக்கலாம். தருவதற்கு முகவரியே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒவ்வொரு கைபேசியும் ஒரு முகவரியைத் தவணை முடியும்வரை பிடித்து வைத்திருக்கும். ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி இருந்தால், உள்ளே நுழைந்து இதைத் தரலாம்:

```
logread | grep dnsmasq-dhcp
```

அதில் லேப்டாப்பின் வன்பொருள் முகவரியுடன் `DHCPDISCOVER` என்ற வரி இருந்து, அதன் இறுதியில் `no address available` என்று இருந்தால், கேள்வி வந்து சேர்ந்ததை ரூட்டரே எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். தவணையைக் குறைப்பதோ, முகவரி வரம்பை அகலப்படுத்துவதோ அதற்கு மருந்து. சேவை நிறுவனம் தரும் ரூட்டர்கள் பலவற்றில் வாடிக்கையாளருக்கு இந்தப் பதிவேட்டைப் பார்க்கும் வசதி இருக்காது. அங்கே பாக்கெட் பதிவே கையில் இருக்கும் ஒரே ஆவணம்.

அதை அனுப்பும்போது முழுப் பதிவையும் அனுப்பிவிடாதீர்கள். அலுவலகத்தின் மற்ற போக்குவரத்தும் அதில் கலந்திருக்கும். `dhcp || arp` என்று வடிகட்டிய பிறகு, `File` பட்டியலில் `Export Specified Packets` என்பதைத் திறந்து, திரையில் தெரிவதை மட்டும் தேர்ந்து சேமியுங்கள். கடிதத்தில் நான்கு விவரங்கள் போதும்: பதிவு எடுத்த நாளும் நேரமும், லேப்டாப்பின் வன்பொருள் முகவரி, ரூட்டரில் நேராகச் செருகிச் சோதித்த செய்தி, ஏஆர்பிக்குப் பதில் வந்தும் டிஸ்கவருக்கு வரவில்லை என்ற ஒரு வரி.