ரோஸ்ட் மேடைக்கு முன்னால் ஒரு நேர்காணல்

விருந்தின் நாயகரை மேடையில் உட்காரவைத்து, நண்பர்களும் உடன் வேலை செய்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கேலி செய்து கொண்டாடும் அமெரிக்க வழக்கத்துக்கு ரோஸ்ட் என்று பெயர். நியூயார்க்கின் ஃப்ரையர்ஸ் கிளப் அதைப் புகழ்பெறச் செய்தது. இப்போது பணி ஓய்வு விருந்துகளிலும் அது நடக்கிறது. கேலியை எழுதப்போகிறவர் முதலில் நாயகரையே சந்தித்து, தனியாக ஒரு மணி நேரமாவது பேசுவது நல்லது.

அந்தப் பேச்சில் தேட வேண்டியது குணங்களை அல்ல, சம்பவங்களை. ஓய்வுபெறும் பொறியாளர் ஒருவர் எப்போதும் தாமதமாக வருபவர் என்பது ஊரறிந்த செய்தி. அதை மட்டும் வைத்துக்கொண்டு நகைச்சுவை எழுத முடியாது. “இதுவரை எதற்கு மிகவும் தாமதமாகப் போனீர்கள்?” என்று கேட்டால், மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். எழுதுபவருக்கு வேண்டியது அந்த நாற்காலிதான். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா, குரல் தணிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றி அவரே வழக்கமாகச் சொல்லும் கேலிகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை.

தொடக்கூடாதவற்றைக் கடைசியில் கேட்பது நல்லது. அதற்குள் நம்பிக்கை வந்திருக்கும். “எதையும் சொல்லலாம்” என்ற பதிலை அப்படியே ஏற்கக் கூடாது. மணமுறிவு, நோய், கடன், பிள்ளைகள், மதம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காரணம் கேட்கத் தேவையில்லை. எது வலிக்கும் என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. 2011-இல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி டொனால்டு டிரம்பை ரோஸ்ட் செய்தது. அவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவரிடம் பணம் இல்லை என்ற கேலி மட்டும் கூடாது என்பதே அவர் விதித்த தடை என்று அதில் பங்கேற்றவர்கள் பிறகு கூறினார்கள். தலைமுடியைக் கேலி செய்ய அவர் தடை சொல்லவில்லை.

நாயகரின் சம்மதம் அவரை மட்டுமே கட்டும். இதுதான் பலரும் தவறவிடும் இடம். 2024 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியை ரோஸ்ட் செய்தபோது, அவருடைய மணமுறிவு பற்றிய கேலிகள் சரமாரியாக வந்தன. தன்னைப் பற்றிய கேலிகளை ரசித்ததாகவும், அவை தன் பிள்ளைகளைப் பாதித்த விதம் பிடிக்கவில்லை என்றும் அவர் பிறகு சொன்னார். ஆகவே, யார் யார் அரங்கில் இருப்பார்கள், கதையில் யார் பெயர் வருகிறது என்றும் கேட்க வேண்டும். பொறியாளரின் மகள் முன்வரிசையில் உட்காரப்போகிறாள் என்றால், நாற்காலிக் கதைக்கு அவளுடைய சம்மதமும் வேண்டும்.

முடிவான பட்டியல் மேடையேறும் எல்லோருக்கும் எழுத்தில் போக வேண்டும். நகைச்சுவைகளை முன்கூட்டியே நாயகரிடம் காட்டுவதில்லை. தலைப்புகளை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். தடைப் பட்டியலையே மேடையில் கேலியாக்குவதும் ஒப்பந்தத்தை மீறுவதுதான். நேர்காணலுக்கும் விருந்துக்கும் இடையில் வீட்டில் நோயோ சாவோ நேர்ந்திருக்கலாம் என்பதால், முந்தைய நாள் நாயகரிடம் இன்னொரு முறை பேசிப் பட்டியலைச் சரிபார்ப்பார்கள்.