இந்த வேலைக்கு இல்லை, அந்த வேலைக்குப் பாருங்கள்

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் நண்பரின் ரெஸ்யூமை உள்ளே பரிந்துரைக்கிறார். பெரும்பாலும் வரும் பதில் ஒற்றை வரிதான்: ‘இப்போதைக்குப் பொருந்தவில்லை.’ சில மேலாளர்கள் மட்டும் கூடுதலாக நான்கு வரி எழுதுகிறார்கள். அந்த நான்கு வரி ஒருவருக்கு வேலையே வாங்கித் தரலாம்.

ஓர் உதாரணம். ஜாவா டெவலப்பர் பணியிடத்துக்கு ஒரு பெண்ணின் ரெஸ்யூம் வருகிறது. ஜாவா தெரியும், ஐந்து வருட அனுபவமும் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வருடமும் அவர் ஜாவாவில் எழுதியது செலினியம் டெஸ்ட் ஸ்கிரிப்டுகளை. அதுவும் வங்கிப் பணப் பரிவர்த்தனை மென்பொருளுக்கு. மேலாளர் இப்படி எழுதுகிறார்:

“எங்களுக்கு சர்வர் பக்க மென்பொருளைக் கட்டி, ஓட்டிப் பழகியவர் வேண்டும். அந்த அனுபவம் இவரிடம் இல்லை. ஆனால் பேமெண்ட்ஸ் டீமில் ஆட்டோமேஷன் டெஸ்டர் இடம் காலியாக இருக்கிறது. அந்த மேலாளரிடம் பேசினேன், இன்னும் நேர்காணல் தொடங்கவில்லையாம். ஜாப் ஐடியைக் கீழே தந்திருக்கிறேன். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். முடிவு அந்த டீமுடையது.”

இதில் மறுப்புக்கான காரணம் ரெஸ்யூமில் இருப்பதைத் தொட்டுப் பேசுகிறது. அதைவிட முக்கியம், அந்த இடம் இன்னும் திறந்திருக்கிறதா என்று அவர் விசாரித்திருக்கிறார். ஆள் ஏறக்குறைய முடிவாகிவிட்ட பிறகும், பட்ஜெட் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் பல அறிவிப்புகள் நிறுவனத் தளத்தில் அப்படியே கிடக்கும். விசாரிக்காமல் அங்கே கைகாட்டினால் விண்ணப்பித்தவரின் நாட்கள்தான் வீணாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரிந்துரை பொதுவாக ஒரு ஜாப் ஐடியோடு கட்டப்பட்டது. மேலாளர் ‘நிராகரிப்பு’ என்று அழுத்தினால் அது அங்கேயே முடிந்துவிடும். தானாக இன்னொரு பணியிடத்துக்கு நகராது. ஆகவே மூடும் முன்பே, விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு, அதைப் புதிய ஐடிக்கு மாற்றும்படி ஹெச்.ஆரிடம் சொல்வது நல்லது.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1974-ல் ஒரு நூல் வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர்கள் மூலமாகவே வேலை பெற்றிருந்தார்கள். அதிலும் பெரிதும் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர், எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள். தூரத்து ஆளிடம்தான் நமக்கு எட்டாத தகவல் இருக்கிறது. மறுப்புச் சொல்லும் மேலாளரும் அப்படியொரு தூரத்து ஆள்தான்.

உங்களுக்கு இப்படியொரு பதில் வந்தால், ஓரிரு நாளுக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். ரெஸ்யூமில் டெஸ்டிங் அனுபவத்தை மேலே கொண்டுவந்து திருத்தி அனுப்புங்கள். அவசரப்பட்டு நிறுவனத் தளத்தில் நீங்களே தனியாக விண்ணப்பிக்காதீர்கள். பல நிறுவனங்களில் அதன்பிறகு பரிந்துரை செல்லாது.