காலிக் கடவுச்சொல்லும் 200 கணினிகளும்

2017 மே 1 அன்று இன்டெல் நிறுவனம் INTEL-SA-00075 என்ற எண்ணோடு ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. ஆபத்தின் அளவு பத்துக்கு 9.8 என்று அதில் போட்டிருந்தது. ஏழெட்டு ஆண்டுகளாக விற்பனையான அலுவலகக் கணினிகளில் பல லட்சம் அந்த வளையத்துக்குள் வந்தன. கணினிப் பிரிவில் இருப்பவருக்கு இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் முதலில் எழும் எண்ணம், ‘இன்று இரவே எல்லாவற்றிலும் பேட்ச் போட்டுவிட வேண்டும்’ என்பதுதான். அந்த அவசரத்தில் பாதிதான் சரி.

ஓட்டை இருந்த இடம் விண்டோஸ் அல்ல, அதற்கும் கீழே மதர்போர்டுச் சிப்பில் ஓடும் ஃபர்ம்வேர். அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் பல கணினிகளில் இன்டெல்லின் தொலைநிர்வாக வசதி ஒன்று உண்டு. ஐ.டி. ஊழியர் தன் இருக்கையை விட்டு எழாமலே, அணைந்து கிடக்கும் கணினியை எழுப்பவும், அதன் திரையைப் பார்க்கவும், விண்டோஸைப் புதிதாக நிறுவவும் அது உதவும். கணினியை அணைத்தாலும் மின்சாரமும் நெட்வொர்க் கேபிளும் இருக்கும்வரை அது விழித்திருக்கும்.

அதற்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். எம்பெடி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் மக்சிம் மல்யூட்டின் கண்டுபிடித்த பிழை இந்த நுழைவாயிலில்தான் இருந்தது. வருபவர் அனுப்பும் விடையை ஃபர்ம்வேர் தன்னிடம் உள்ள சரியான விடையோடு ஒப்பிடும். எத்தனை எழுத்துகளை ஒப்பிடுவது? வந்த விடையில் எத்தனை இருக்கிறதோ அத்தனை. ஆகவே ஒருவர் காலி விடையை அனுப்பினால் ஒப்பிட வேண்டியது பூஜ்ய எழுத்து. பூஜ்யத்தில் வேறுபாடு இருக்க முடியாது, கதவு திறந்துவிடும். admin என்ற பயனர்பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

இவ்வளவு எளிய தாக்குதலுக்கு 9.8 பொருத்தமான மதிப்பெண்தான். ஆனால் அறிவிப்பை வரிவரியாகப் படித்தால் ஒரு நிபந்தனை தெரியும். அந்த மதிப்பெண், நிர்வாக வசதி ஏற்கெனவே இயக்கிவைக்கப்பட்ட கணினிகளுக்கு உரியது. வசதி சிப்பில் இருந்தும் யாரும் அதை இயக்காத கணினியில் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. அந்தக் கணினியிலேயே சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் அந்த வசதியைத் தானே இயக்கிக்கொள்ளக்கூடும். அதற்குக் கொடுக்கப்பட்ட அளவு 8.4. அதுவும் சின்ன விஷயமில்லை. இருந்தாலும் முதலாவதைப் போல வெளியே இருந்து வரும் ஆபத்து அல்ல. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும், இந்த வசதியே இல்லாத கணினிகளுக்கு இந்தப் பிழை பொருந்தாது.

200 கணினிகள் உள்ள ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 120 கணினிகள் மலிவு விலை மாடல்கள். இந்த வசதியே கிடையாது. மிச்சம் 80 கணினிகள், நான்கு மாடல்கள். அவற்றில் 30 கணினிகளில் முன்பு பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர் தொலைநிர்வாகத்தை இயக்கிவிட்டுப் போயிருக்கிறார். 9.8 என்பது இந்த அலுவலகத்தில் 200 பேருக்கான எண் அல்ல, 30 பேருக்கானது.

இந்த 30 எவை என்று எப்படித் தெரியும்? நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும்.

```
nmap -p 16992,16993 192.168.1.0/24
```

பதில் தரும் கணினிகளில் வசதி இயங்குகிறது. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: விண்டோஸ் ஃபயர்வாலில் இந்தப் போர்ட்டுகளை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. இந்தப் போர்ட்டுகளுக்கு வரும் தகவலை நெட்வொர்க் சிப்பே பிடித்து ஃபர்ம்வேரிடம் கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் அதைப் பார்ப்பதே இல்லை. அடைக்க வேண்டிய இடம் ரூட்டரும் ஸ்விட்சும்தான். அணைந்து கிடக்கும் கணினி நினைவுக்கு வராமல் போவதும் உண்டு. இந்தச் சோதனையில் அதுவும் பதில் சொல்லும்.

முதல் நாள் வேலை இவ்வளவே: போர்ட்டுகளை அடைப்பது, தேவையில்லாத கணினிகளில் வசதியை நீக்குவது, உள்ளிருந்து வரும் வழியை மூட விண்டோஸில் அதற்குத் துணையான LMS சேவையை நிறுத்துவது. இதற்கான வழிமுறைகளை இன்டெல்லே தந்திருந்தது. பேட்ச் கைக்கு வருவதற்கு முன்பே ஆபத்தின் பெரும்பகுதி இதில் தணிந்துவிடும். அந்த அவகாசம் நிச்சயம் தேவை. ஏனென்றால் இன்டெல் தரும் திருத்தம் நேராக அலுவலகத்துக்கு வராது. டெல், எச்.பி., லெனோவா போன்ற நிறுவனங்கள் அதைத் தங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஏற்றபடி தனித்தனியாகக் கட்டி வெளியிட வேண்டும். புதிய மாடலுக்கு முன்னால் வரும், பழையதற்குப் பின்னால் வரும்.

மாடலுக்கு மாடல் வேறு என்பதால் சோதனையையும் மாடல்வாரியாகவே செய்ய வேண்டும். ஒரு மாடலில் நல்லபடியாக முடிந்தது என்பதை வைத்து மற்றொன்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நான்கு மாடல்களிலும் ஒவ்வொன்றை எடுக்கலாம். இருப்பதிலேயே பழைய பயாஸ் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது, அங்கேதான் தாவல் பெரியது. விண்டோஸ் பேட்ச் கெட்டால் நீக்கிவிடலாம். ஃபர்ம்வேர் பாதியில் நின்றால் கணினி எழாமலே போகலாம். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பல மாடல்கள் தடுத்தும் விடும். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர். ஃபர்ம்வேர் பொதியோடு பயாஸும் மாறினால், யாரோ கணினியில் கைவைத்துவிட்டார்கள் என்று பிட்லாக்கர் கருதி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். காலை ஒன்பதரைக்கு 80 பேர் நீலத் திரையோடு நிற்பதைத் தவிர்க்க, பேட்ச் போடுவதற்கு முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும்.

```
Suspend-BitLocker -MountPoint "C:" -RebootCount 1
```

சில மாடல்கள் இரண்டு முறை மறுதொடக்கம் ஆகும். அப்போது 1 போதாது, 2 வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நான்கு கணினிகள். மீட்புச் சாவிகள் உண்மையிலேயே சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே திறந்து பார்த்துவிட வேண்டும்.

‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று நிறுவியில் வரும் செய்தியை நம்ப வேண்டாம். கணினி மறுபடி எழுந்த பின் ஃபர்ம்வேர் பதிப்பைப் படிக்க வேண்டும். இந்தப் பிழைக்கு இன்டெல் ஓர் எளிய அடையாளம் வைத்திருந்தது: கடைசி நான்கு இலக்கம் 3000 அல்லது அதற்கு மேல் இருந்தால் திருத்தப்பட்டது. ஏழாம் தலைமுறைக் கணினிக்கு அது 11.6.27.3264.

நான்கு கணினிகள் பிழைத்துவிட்டால் மீதி 76க்கும் அன்றே போட்டுவிடலாமா? 2018 ஜனவரி இதற்குப் பதில் சொல்லும். ஸ்பெக்டர் பாதிப்புக்காக வந்த மைக்ரோகோடு பேட்ச் போட்ட கணினிகளில் பல, நன்றாகவே எழுந்தன. பிறகு வேலைக்கு நடுவே தாமாக மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று இன்டெல்லே, அந்தப் பேட்சைப் போடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. பேட்ச் போட்ட ஒரு மணி நேரத்தில் சோதித்திருந்தால் அந்தக் கோளாறு பிடிபட்டிருக்காது.

அதனால் சோதனைக் கணினிகளை ஒரு வாரம் உண்மையான வேலையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது: தூக்கத்திலிருந்து எழுகிறதா, டாக்கில் செருகினால் திரை வருகிறதா, எதிர்பாராத மறுதொடக்கம் நிகழ்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று. பிறகு பத்துக் கணினிகள், எல்லாப் பிரிவிலிருந்தும் கலந்து. அதன்பின் வசதி இயங்கிக்கொண்டிருந்த 30இல் எஞ்சியவை. மற்றவை கடைசியில். கணக்குப் பிரிவுக்கு மாதக் கடைசி வேண்டாம். ஒரு மாடலில் இரண்டு கணினி கெட்டால் அந்த மாடல் முழுவதையும் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், அந்த நேரத்து வாக்குவாதம் மிச்சமாகும்.

பேட்ச் கதவை மூடும். ஏற்கெனவே உள்ளே வந்தவரை வெளியேற்றாது. அந்த 30 கணினிகளில் ஒருவர் முன்பே நுழைந்து தனக்கொரு நிர்வாகக் கணக்கை உருவாக்கியிருந்தால், ஃபர்ம்வேர் மாறிய பிறகும் அது அப்படியே இருக்கக்கூடும். எனவே வசதியை முழுவதுமாக நீக்கி, புதிய கடவுச்சொல்லோடு மறுபடி அமைக்க வேண்டும். அதைப் பயன்படுத்த ஆளே இல்லை என்றால் நீக்கிய நிலையிலேயே விட்டுவிடலாம். விற்பனையாளரோடு ஊர் சுற்றும் லேப்டாப்களும் அலமாரியில் கிடப்பவையும் பட்டியலில் கடைசிவரை நிற்கும். அவையும் 3000க்கு மேற்பட்ட எண்ணைக் காட்டும்வரை, ரூட்டரில் அடைத்த போர்ட்டுகளைத் திறக்கக் கூடாது.