நேர்காணல் முடிந்தாலும் சனிக்கிழமை வகுப்பு உண்டு

வெளியிலிருந்து வந்து நேர்காணலில் உட்கார்ந்தவருக்கு ஒரு வசதி உண்டு. முடிவு தெரியும்வரை அந்த அலுவலகத்தின் பக்கமே அவர் போக வேண்டியதில்லை. அதே தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்துவந்த தன்னார்வலருக்கு அது கிடையாது. வியாழக்கிழமை எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட திட்ட மேலாளரே சனிக்கிழமை சாக்பீஸ் பெட்டியை எடுத்துக் கொடுப்பார். “சார், என்ன ஆச்சு?” என்ற கேள்வி தொண்டைவரை வந்து நிற்கும்.

அங்கே கேட்காமல் இருப்பதுதான் நல்லது. மேலாளர் மூவர் குழுவில் ஒருவர். தனியாக முடிவு சொல்ல அவரால் முடியாது. பழகிய பிள்ளையிடம் முகத்தைத் திருப்பவும் மனம் வராது. “நல்லா பண்ணியிருக்கீங்கம்மா, பார்க்கலாம்” என்பார். அவர் ஆறுதலாகச் சொன்னதை இவர் உறுதிமொழியாக எடுத்துக்கொள்வார். வேலை வேறொருவருக்குப் போனால் பிறகு வருகிற மனக்கசப்புக்கு அந்த ஒரு வரியே போதும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை. எட்டு மையங்களைக் கவனிக்கக் கள ஒருங்கிணைப்பாளர் தேவை, மாதம் 18,000 ரூபாய் சம்பளம். ஒரு மையத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவந்த பெண் விண்ணப்பிக்கிறார். குழுவில் திட்ட மேலாளர், ஓர் அறங்காவலர், வெளியிலிருந்து வந்த கல்வியாளர். “ஒரு மையத்தில் பிள்ளைகள் வருகை பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கிறார்கள். “வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவேன்” என்கிறார்.

அவர் இந்தச் சிக்கலை நேரிலேயே தீர்த்தவர். ஆனால் அதைச் சொல்லவில்லை, இவர்களுக்குத்தான் தெரியுமே என்று நினைத்துவிட்டார். தன்னார்வலர்கள் நேர்காணலில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலாளருக்குத் தெரிந்திருக்கலாம். ஆண்டுக்கு நான்கு கூட்டத்துக்கு வரும் அறங்காவலருக்கோ அன்றைக்கு மட்டும் வந்த கல்வியாளருக்கோ தெரியாது. அவர்கள் கையில் இருப்பது மதிப்பெண் தாளும் அந்த அறையில் கேட்ட பதிலும் மட்டுமே.

அதனால்தான் பின்தொடர் கடிதம் வெளியாளைவிடத் தன்னார்வலருக்கு அதிகம் தேவைப்படுகிறது. அன்று மாலையோ மறுநாள் காலையோ போய்விட வேண்டும். நேர்காணல் அழைப்பு எந்த மின்னஞ்சலிலிருந்து வந்ததோ அதற்குத்தான் அனுப்ப வேண்டும், மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு அல்ல. அலுவலக முகவரிக்குப் போனால் மூவரிடமும் சேரும், கோப்பிலும் இருக்கும். அந்தப் பெண் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரியோருக்கு, கள ஒருங்கிணைப்பாளர் பணிக்கான இன்றைய நேர்காணலுக்கு நன்றி. வருகை குறைவது பற்றிய கேள்விக்கு நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஜூலையில் எங்கள் மையத்தில் 28 பேரில் 13 பேர்தான் வந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தபோது வராதவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு என்று தெரிந்தது. பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். எங்கள் நேரத்தை 5.30-லிருந்து 6.30-க்கு மாற்றினோம். ஆகஸ்ட் கடைசியில் 24 பேர் வந்தார்கள். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். சனிக்கிழமை வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும்.”

இதில் பதிவேட்டின் படம் இணைக்கப்படவில்லை. பிள்ளைகளின் பெயர்கள் நம் வேலை விண்ணப்பத்துக்குள் வரக் கூடாது, எண்ணிக்கை போதும். “இரண்டு வருஷமாக உழைத்திருக்கிறேன்” என்ற வரியும் இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும், படிப்பவர் காதில் பாக்கி கேட்பதுபோல் விழும். கடைசி வரி முக்கியம். வேலை கிடைப்பதும் வகுப்பு நடப்பதும் வேறு வேறு என்று அது சொல்லிவிடுகிறது.

பிறகு மௌனம். தேதி சொல்லியிருந்தால் அது கடந்து இரண்டு மூன்று வேலை நாட்கள் பொறுக்கலாம். சொல்லாவிட்டால் இரண்டு வாரம். அதன்பின் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதினால் போதும். இந்த மௌனத்தைத் தன்னார்வலர்கள் தங்கள் மீதான அதிருப்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் காரணம் பணம்.

தொண்டு நிறுவனத்தில் ஒரு பணியிடம் என்பது பெரும்பாலும் ஒரு திட்டத்தின் வரவுசெலவில் உள்ள ஒரு வரி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி வரும் சமூகப் பொறுப்பு நிதி நிதியாண்டுக் கணக்கில் ஓடுவது. பல நிறுவனங்கள் முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழைப் பார்த்த பிறகே அடுத்த தவணையை விடுவிக்கின்றன. வெளிநாட்டு நன்கொடையில் இன்னொரு கட்டுப்பாடு. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. அதனால் ஓர் அலுவலகப் பணியிடத்தை நிரப்புமுன் கணக்காளர் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்ப்பார். நேர்காணலில் முதலிடம் வந்தவர்கூட ஒரு மாதம் காத்திருக்கலாம். ஆகவே இரண்டாவது கடிதத்தில், “நிதி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் அதை மட்டும் தெரிவித்தாலும் போதும்” என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆளைப் பற்றிய முடிவைச் சொல்ல முடியாதவர்களும் இதற்குப் பதில் சொல்ல முடியும். கணக்காளரைத் தனியாகப் பிடித்துத் தகவல் கேட்பது மட்டும் வேண்டாம். சின்ன அலுவலகத்தில் அது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காத்திருக்கும் காலத்தில் வரும் பெரிய ஆபத்து வேறு. “ஆள் எடுக்கிறவரைக்கும் அந்த மூணு சென்டரையும் நீங்களே கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்பார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து தன்னார்வலர் ஒப்புக்கொள்வார். ஒருங்கிணைப்பாளரின் வேலை சம்பளமில்லாமலே நடக்கத் தொடங்கினால், அந்த இடத்தை நிரப்பும் அவசரமும் குறைந்துவிடும். “இந்த மாதம் 30-ஆம் தேதிவரை பார்க்கிறேன், பெட்ரோல் செலவு மட்டும் வேண்டும்” என்று தேதி போட்டு எழுதிக்கொடுப்பது சரி. தேதியில்லாமல் ஒப்புக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை கிடைத்தால் பணி நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு சேர வேண்டும். “நம்ம பொண்ணுதானே, திங்கட்கிழமை வந்துடும்மா” என்று கடிதமில்லாமல் சேர்த்துக்கொள்வது தன்னார்வலர்களுக்குத்தான் நடக்கிறது. எந்தத் திட்டத்தின் பணம், அது எந்த மாதம் முடிகிறது, பயணப்படி எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ சம்பளத்தில் இருக்கும் இடத்தில் வைப்பு நிதி விதிகள் பொருந்தும்.

கிடைக்காவிட்டால், எந்தத் திறன் போதவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதலாம். வகுப்பைத் தொடர்வதா என்று அன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து, “மார்ச் தேர்வுவரை வருவேன்” என்றோ “இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்றோ தேதியோடு சொன்னால், பிள்ளைகளுக்கு மாற்று ஆள் தேட நிறுவனத்துக்கு அவகாசம் கிடைக்கும்.

நிறுவனம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தன்னார்வலர் தேர்வாகவில்லை என்றால், புதிதாக வருபவர் மையத்தின் வாசலில் வந்து நிற்குமுன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள்.