எக்செல் கணக்கில் ஸ்டார் செய்யும் குளறுபடி

போல்ட், நட் விற்கும் கடையின் ஸ்டாக் கணக்கை எண்ணிப் பாருங்கள். ‘M10*20’ என்றால் பத்து மில்லிமீட்டர் தடிமன், இருபது மில்லிமீட்டர் நீளம். கையால் எழுதும்போது பெருக்கல் குறி போடுகிற இடத்தில், கீபோர்டில் ஸ்டாரைத் தட்டுவதுதான் வழக்கம். அந்த ஸ்டார்தான் SUMIFS சூத்திரத்தைத் தடுமாற வைக்கிறது.

அந்தக் கணக்கில் A2 முதல் A6 வரை பொருள், பக்கத்து B வரிசையில் எண்ணிக்கை. M10*20 இரண்டு வரிகளில் 400, 100. M10*120 இரண்டு வரிகளில் 60, 40. M10*25 ஒரே வரியில் 250. E2 கட்டத்தில் M10*20 என்று எழுதிக் கூட்டச் சொல்கிறார் கணக்காளர்:

```
=SUMIFS($B$2:$B$6,$A$2:$A$6,E2)
```

வர வேண்டியது 500. வருவதோ 600. M10*120-ன் நூறும் இதோடு சேர்ந்துவிட்டது.

காரணம், நிபந்தனையில் வரும் ஸ்டாரை எக்செல் எழுத்தாகப் பார்ப்பதில்லை. சீட்டாட்டத்து ஜோக்கர் மாதிரி, அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று எடுத்துக்கொள்கிறது. ‘M10-ல் தொடங்கி 20-ல் முடிவதெல்லாம்’ என்பதுதான் அதற்குப் புரிந்த கட்டளை. M10*120-ம் அப்படித்தான் தொடங்கி முடிகிறது. கேள்விக்குறிக்கும் இதே கதிதான். அது சரியாக ஒரே ஒரு எழுத்துக்குப் பதிலாக நிற்கும். பாக்கி வசூலானால் Y, ஆகாவிட்டால் N, சந்தேகமென்றால் ? என்று குறித்துவைக்கிற கணக்கில் "?" என்று நிபந்தனை கொடுத்தால், மூன்றின் தொகையும் ஒன்றாகக் கூடி வரும். சந்தேகப் பாக்கி எவ்வளவு என்று கேட்டவருக்கு மொத்தப் பாக்கியும் பதிலாகக் கிடைக்கும்.

இந்த விசேஷப் பொருளெல்லாம் நிபந்தனைக்கு மட்டும்தான். A வரிசையில் இருக்கும் ஸ்டார் வெறும் ஸ்டாரே. எனவே ‘ஸ்டார் இருந்தால் அந்த வரியை எக்செல் விட்டுவிடுகிறது’ என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. தானாக விட்டால் அது அதிகமாகத்தான் கூட்டும். வரிகள் விடுபடுவது பெரும்பாலும் அதைச் சரிசெய்யப் போகும்போது.

சரிசெய்ய உதவுவது டில்டே என்கிற ~ குறி. சாதாரண கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும். ஸ்டாருக்கு முன்னால் இதைப் போட்டு "M10~*20" என்று எழுதினால், ஸ்டார் ஸ்டாராகவே படிக்கப்படும், விடை 500. கேள்விக்குறிக்கு ~? என்று போட வேண்டும். டில்டேயே பெயரில் இருந்தால் ~~ என்று இரட்டிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு இதைக் கையால் செய்ய முடியாது என்பதால் SUBSTITUTE-ஐக் கூப்பிடுவார்கள். கோட்டை விடுவது இங்கேதான். முதலில் ஸ்டாரை ~* ஆக்கிவிட்டு, பிறகு டில்டேயை இரட்டித்தால் நிபந்தனை M10~~*20 என்றாகிவிடும். ‘M10-க்குப் பின் ஒரு டில்டே, அப்புறம் எதுவானாலும் சரி, கடைசியில் 20’ என்று தேடும் எக்செல், அப்படி ஒரு போல்ட்டும் இல்லையென்று பூஜ்ஜியம் காட்டும். பிழைச்செய்தி ஏதும் வராது. டில்டேயை முதலில் கவனிப்பதே சரியான வரிசை:

```
=SUMIFS($B$2:$B$6,$A$2:$A$6,
 SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(E2,
 "~","~~"),"*","~*"),"?","~?"))
```

இத்தனை சுற்றல் வேண்டாம் என்பவர்களுக்கு SUMPRODUCT இருக்கிறது. சமக்குறியால் ஒப்பிடும்போது ஸ்டாருக்கும் கேள்விக்குறிக்கும் எந்த விசேஷமும் கிடையாது:

```
=SUMPRODUCT(--($A$2:$A$6=E2),$B$2:$B$6)
```

லட்சக்கணக்கான வரிகளில் இது மெதுவாக ஓடும்; சின்னக் கடைக் கணக்குக்கு இதுவே நிம்மதி.

தவறு இருக்கிறதா என்று COUNTIF வைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. அதுவும் ஸ்டாரை இதே மாதிரிதான் படிக்கும். பொருள்வாரி விடைகளைக் கூட்டி, B வரிசையின் மொத்தத்தோடு ஒப்பிடுவதே வழி. மேலே சொன்ன கணக்கில் 600, 100, 250 மூன்றும் சேர்ந்து 950. வரிசையின் மொத்தமோ 850. மொத்தத்தைவிடக் கூடினால் ஸ்டார் பிற வரிகளை இழுத்திருக்கிறது, குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஸ்டாரை x ஆக மாற்ற Ctrl+H-ஐத் திறப்பவர்கள் ஒரு நிமிடம் நிதானிக்கவும். அங்கேயும் தேடும் பெட்டியில் ~* என்றுதான் எழுத வேண்டும். வெறும் * போட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், எழுதியிருக்கும் ஒவ்வொரு கட்டமும் முழுசாக அழிந்து ஒற்றை x மட்டும் மிஞ்சும். உடனே Ctrl+Z அழுத்துங்கள்.